அட்மின் சரி சொன்னால் குழுவே சரி சொன்னதாகுமா?

*கேள்வி: முதுகலை ஆய்வுக்காக, நான் இரண்டு வருடமாக உறுப்பினராக இருக்கும் ஒரு நோயாளி உறவினர் வாட்ஸ்அப் குழுவை எடுத்திருக்கிறேன். அட்மின் சம்மதித்துவிட்டார். அது போதுமா? பழைய சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளலாமா? பெயர்களை மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லைதானே? இதே நோயைப் பற்றிய ஒரு திறந்த இணைய மன்றத்தையும் சேர்க்கிறேன்; அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.*

நீங்கள் கேட்டிருப்பவை நான்கு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: குழுவில் ஒருவர் தட்டச்சு செய்யும்போது, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்துத் தட்டச்சு செய்கிறார்? அந்த எண்ணிக்கையில் நீங்கள் உறுப்பினராக இருந்திருப்பீர்கள், ஆய்வாளராக இருந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஆள், ஒரே போன், ஆனால் காது வேறு. நான் பத்தாண்டுக்கும் மேலாக இப்படிப்பட்ட குழுக்களில்தான் களப்பணி செய்கிறேன், பெரும்பாலும் நோய், பராமரிப்பு சார்ந்தவை. அரசியல் குழுக்களிலோ பல்லாயிரம் பேர் இருக்கும் சேனல்களிலோ எனக்கு அனுபவம் குறைவு. அங்கே நான் சொல்வது அப்படியே பொருந்தாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நான் வக்கீலும் இல்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அட்மின் கொடுத்தது வாசலைத் திறந்துவிடும் அனுமதி. அது இல்லாமல் தொடங்கவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்காரர் உள்ளே விட்டார் என்பதற்காக விருந்துக்கு வந்திருப்பவர்களின் பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு போக முடியாது அல்லவா? குழுவைத் தொடங்கியவர், உறுப்பினர்களைச் சேர்ப்பவர், சண்டை வந்தால் சமாதானம் செய்பவர் என்பதைத் தாண்டி அட்மினுக்கு மற்றவர்களின் வார்த்தைகள் மேல் எந்த உரிமையும் கிடையாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான குழுக்களில் அட்மின்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் சம்மதித்திருப்பார், மற்றவர்களுக்குச் செய்தியே போயிருக்காது. நான் வேலை செய்த ஒரு குழுவில் அப்படித்தான் நடந்தது. டயாலிசிஸ் எடுப்பவர்களின் குடும்பத்தாருக்கான குழு, 186 பேர், மூன்று அட்மின்கள். முதலாமவர் உடனே ஒப்புக்கொண்டார். மூன்றாமவர் ஒரு மாதம் பதில் சொல்லவில்லை. பிறகு தொலைபேசியில் அழைத்து, “இந்தக் குழுவில் ஆட்கள் எதற்காக வருகிறார்கள் தெரியுமா? வீட்டில் அழ முடியாததை இங்கே அழுதுவிட்டுப் போக. நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அந்த அழுகை நின்றுவிடும்” என்றார். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. குழுவின் பேச்சு மாறினால் நிறுத்திக்கொள்கிறேன், நிறுத்த வேண்டுமா என்பதை அவரே சொல்லலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதை எழுதியும் கொடுத்தேன். கள அனுமதி என்பதை இந்த அளவுக்காவது பேசிப் பெறுங்கள்.

அதன் பிறகுதான் உறுப்பினர்களுக்கு அறிவிப்பு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நீளமாக ஒரு செய்தி போடுவார்கள், நான்கைந்து கட்டைவிரல் வரும், வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். பேச்சு ஓடும் குழுவில் ஒரு செய்தியின் ஆயுள் அரை மணி நேரம். என் முதல் அறிவிப்புக்குப் பின்னால் யாரோ இரும்புச்சத்து ஊசி பற்றிக் கேட்டார், அடுத்த நாற்பது செய்திகள் அதைப் பற்றியே போயின. நீல டிக் வந்தது என்பதால் படித்தார் என்று ஆகாது, திரை திறந்தது என்று மட்டுமே பொருள். ஆகவே நான் மூன்று காரியங்களைச் சேர்த்துச் செய்கிறேன். செய்தியைக் குழுவின் மேலே பின் செய்யச் சொல்வேன். வாட்ஸ்அப்பில் பின் செய்ததற்கு அதிகபட்ச ஆயுள் 30 நாள் என்பதால் மாதா மாதம் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான், புதிதாக வந்தவர்களுக்கும் கண்ணில் படும். குழுவின் விவரணையில் ஒரு வரி சேர்ப்போம். என் சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆய்வாளர்’ என்று போட்டுக்கொள்வேன். என் எண்ணைச் சேமித்து வைக்காதவர்களுக்கு நான் பேசும் ஒவ்வொரு முறையும் அது தெரியும். உங்கள் எண்ணை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் பழைய நண்பர்களுக்குத் தெரியாது. இரண்டு வருட உறுப்பினரான உங்களுக்கு இது என்னைவிடப் பெரிய தொல்லை. அவர்கள் உங்களைப் பழைய ஆளாகவே பார்ப்பார்கள்.

அறிவிப்பில் என்ன எழுதுவது? என்ன படிக்கிறேன், எதுவரை, எதை எடுத்துக்கொள்வேன், எதைத் தொடமாட்டேன், வேண்டாம் என்றால் யாரிடம் எப்படிச் சொல்வது, எந்தத் தேதிவரை சொன்னதைத் திரும்பப் பெறலாம். இவ்வளவும் போனில் ஒரே திரையில் அடங்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் மூன்று பக்கப் படிவத்தை அப்படியே ஒட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். இன்னொன்று: உறுப்பினர் பட்டியலில் தெரியும் எண்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்தி அனுப்பத் தோன்றும். வேண்டாம். அந்த எண்ணை அவர்கள் குழுவுக்குக் கொடுத்தார்கள், உங்கள் ஆய்வுக்கு அல்ல. ஒப்புதல் கேட்பதற்காகவே தனியுரிமையை மீறுவது விசித்திரமான தொடக்கம். அவர்கள் உங்களுக்கு எழுதட்டும்.

அந்த 186 பேரில் இரண்டு மாதத்தில் எனக்கு ‘சரி’ என்று எழுதியவர்கள் 41 பேர். ‘வேண்டாம்’ என்றவர்கள் 6. மீதி 139 பேர் ஒன்றும் சொல்லவில்லை. இதுதான் குழு ஆய்வின் நிஜமான கணக்கு, உங்கள் குழுவிலும் இதே மாதிரிதான் வரும். இந்த 139 பேரை என்ன செய்வது என்பதே உங்கள் ஆய்வு வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். மௌனம் சம்மதம் என்ற பழமொழியை ஆய்வுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். ஆமி பிரக்மனும் ஜேம்ஸ் ஹட்சனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் அரட்டை அறைகளுக்குள் போய், இந்த உரையாடலைப் பதிவு செய்கிறோம் என்று அறிவித்துப் பார்த்தார்கள். பல அறைகளில் வெளியே தள்ளினார்கள். விரும்பினால் பங்கேற்கலாம் என்று வாய்ப்புக் கொடுத்தபோது 766 பேரில் சரி என்றவர்கள் 4 பேர். அந்த அறைகள் முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடங்கள், அவர்கள் அறிவித்ததும் உள்ளே நுழைந்த அந்நியர்களாக. உங்கள் நிலைமை வேறு. ஆனாலும் சொல்லாமல் இருப்பவர்கள் மனத்துக்குள் ஒப்புக்கொண்டவர்கள் என்று எடுத்துக்கொள்ள அந்த எண் இடம் கொடுக்கவில்லை.

நான் கடைசியில் வந்து சேர்ந்த முறை இது. 41 பேரின் செய்திகளை மட்டுமே மேற்கோளாகப் பயன்படுத்துவேன், அதுவும் ஒவ்வொன்றுக்கும் மறுபடி கேட்டு. 139 பேரைப் பற்றி, குழுவில் பொதுவாக என்ன மாதிரி நடக்கிறது என்ற அளவில் மட்டும் களக்குறிப்பு எழுதுவேன்: இரவு பதினொரு மணிக்கு மேல் கேள்விகள் கூடுகின்றன, பணம் பற்றிப் பேச்சு வந்தால் குழு அமைதியாகிவிடுகிறது என்பது போல. தனி ஆளின் கதையாக எதுவும் வராது. 6 பேரைப் பொறுத்தவரை, அவர்கள் பேசும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். நடைமுறையில் இதில் ஒரு முடிச்சு விழும். சம்மதித்த ஒருவரின் அருமையான பதில் இருக்கும், ஆனால் அது சம்மதிக்காத ஒருவரின் கேள்விக்கு வந்த பதிலாக இருக்கும். கேள்வி இல்லாமல் பதில் நொண்டும். நான் அந்தப் பதிலை எழுதியவரைத் தனியே பேட்டி எடுத்து, அன்றைக்கு என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்படிக் கிடைத்தது குழுவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. உரையாடலை உரையாடலாகவே, வரிக்கு வரி பகுப்பாய்வு செய்யும் முறை உங்களுடையது என்றால் இந்த வழி உதவாது. அப்போது சின்னக் குழுவாக, எல்லோரிடமும் கேட்கக்கூடிய அளவாக, எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெளிவாக, திரும்பத் திரும்ப அறிவித்து, விலகிக்கொள்ள எளிய வழி கொடுத்துவிட்டால் விலகாதவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நடத்தும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சமையல் குறிப்போ செடி வளர்ப்போ பேசும் குழுவில் நானும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டேன். நோயாளிகள் குழுவில் மாட்டேன். எல்லை எங்கே என்று கேட்டால், சொன்னது வெளியே தெரிந்தால் அந்த ஆளுக்கு வேலையோ உறவோ மரியாதையோ போகுமா என்பதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன். அது என் தீர்ப்பு, விதி அல்ல. இணைய ஆய்வாளர் சங்கம் 2002, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நெறிமுறை ஆவணங்களும் பட்டியல் போட்டு இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்வதில்லை. சூழலைப் பார்த்து முடிவு செய், ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி முடிவு செய் என்பதே அவற்றின் போக்கு.

எக்ஸ்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். `Export chat` பொத்தானை அழுத்தினால் கிடைப்பது ஒரு சாதாரண உரைக் கோப்பு. தேதி, நேரம், பேசியவர் பெயர், செய்தி. பேசியவர் பெயர் என்பது உங்கள் போனில் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் பெயர். சேமிக்காதவர்களுக்குத் தொலைபேசி எண்ணே வரும். சம்மதித்த 41 பேரை மட்டும் எக்ஸ்போர்ட் செய்ய வழியே இல்லை, வேண்டாம் என்ற 6 பேரும் சேர்ந்துதான் வருவார்கள். எதை எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தீர்களோ அதை முதல் நாளே எடுத்துவிட்டீர்கள் என்று ஆகும். குழுவில் தானாக மறையும் செய்திகள் அமைப்பை வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். 7 நாளில் அழிந்துவிடும் என்று நம்பி எழுதியதை நீங்கள் நிரந்தரமாக்குகிறீர்கள். செய்திகளின் முனைக்கு முனை மறையாக்கம் இந்தக் கோப்புக்குக் கிடையாது. மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டால் மின்னஞ்சல் பெட்டியிலும் ஒரு பிரதி உட்கார்ந்துவிடும்.

என் முதல் ஆய்வில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு குழுவை எக்ஸ்போர்ட் செய்து வைத்தேன். அதுகூடப் பெரிதில்லை. `Media visibility` அணைக்காமல் விட்டிருந்தேன். குழுவில் வந்த படங்கள் எல்லாம் போனின் கேலரிக்குப் போயின, கேலரி தானாகவே மேகச் சேமிப்புக்குப் போனது, அந்தக் கணக்கு எங்கள் வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருந்தது. ஒரு நாள் மாலை என் மகள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து “இது யாருடைய ரத்தப் பரிசோதனை?” என்று கேட்டாள். பெயர், வயது, மருத்துவமனை, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. யாரும் ஊடுருவவில்லை, யாரும் திருடவில்லை. தனியுரிமை உடைவது பெரும்பாலும் இப்படித்தான். இப்போது களப்பணிக்கெனத் தனி போன் வைத்திருக்கிறேன், படங்கள் தானாக இறங்குவதை அணைத்துவிட்டு, பேக்கப்பையும் நிறுத்திவிட்டு. குறிப்புகளைச் செய்தி பார்த்தபின் என் சொந்த வார்த்தைகளில், ஒரு நோட்டில், புனைபெயர்களோடு எழுதுகிறேன். புனைபெயருக்கும் நிஜ ஆளுக்கும் இடையிலான சாவிப் பட்டியல் வேறொரு இடத்தில், பூட்டிய கோப்பில்.

தொலைபேசி எண்களை ஹாஷ் செய்து, அதாவது கணக்கீட்டால் வேறொரு குறியீடாக மாற்றி வைத்துவிட்டேன், இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று ஆய்வேடுகளில் எழுதுவதைப் பார்க்கிறேன். பத்து இலக்க எண் என்றால் மொத்தம் இருப்பதே ஆயிரம் கோடிச் சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு கணினிக்குப் பெரிய வேலையே அல்ல. ஹாஷ் செய்யும் முன் எண்ணோடு ஒரு ரகசிய எழுத்துச் சரத்தைச் சேர்த்து, அந்தச் சரத்தைப் பிறகு அழித்தால்தான் அது கொஞ்சமாவது காப்பு. அதைவிட எளிது, எண்ணைச் சேமிக்காமலே இருப்பது.

இரண்டு வருடப் பழைய செய்திகளைப் பற்றி: அவை உங்கள் போனில் இருக்கின்றன, நீங்கள் நியாயமாகப் பெற்றவை. ஆனால் அவை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார் என்ற அறிவிப்புக்கு முன்னால் சொல்லப்பட்டவை. நான் அறிவிப்பு நாளைக் கோடாகப் போட்டு, அதற்கு முன் உள்ளதை எடுப்பதில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்று மிகவும் தேவைப்பட்டால், அதில் பேசியவரிடம் போய், அன்று நடந்ததை எனக்கு இப்போது சொல்வீர்களா என்று கேளுங்கள். உங்கள் நினைவு உங்களோடு இருக்கும், அதை அழிக்க முடியாது. அது உங்கள் கேள்விகளைக் கூர்மையாக்கட்டும், மேற்கோளாக வேண்டாம். அதேபோல், ‘எல்லோருக்கும் அழி’ என்று ஒருவர் அழித்த செய்தியை, அவர் அழிப்பதற்கு முன்னால் நீங்கள் படித்திருந்தாலும், விட்டுவிடுங்கள். அவர் வாபஸ் வாங்கிவிட்டார்.

நோயாளி உறவினர் குழுவில் மட்டும் வரும் ஒரு பிரச்சினையை உங்கள் கேள்வி தொடவில்லை, நான் தொட வேண்டியிருக்கிறது. அங்கே பேசுபவர் மகள், பேசப்படுபவர் அப்பா. அப்பா குழுவிலேயே இல்லை. மகளின் ஒப்புதல் அப்பாவின் உடலைப் பற்றிய விவரங்களுக்குப் போதுமா? என் களத்தில் இது ஒரு இரவு முழு வடிவத்தில் வந்தது. சம்மதித்த 41 பேரில் ஒரு பெண், அப்பா இறந்த அன்று, நாலரை நிமிட வாய்ஸ் நோட் ஒன்றைப் போட்டார். கடைசி வாரத்தில் டயாலிசிஸை நிறுத்தலாமா என்று வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம், அண்ணன் சொன்னது, டாக்டர் சொன்னது, எல்லாம் அதில் இருந்தது. ஆய்வாளனாக எனக்கு இரண்டு வருடத்தில் கிடைத்த மிகச் சிறந்த தரவு. படிவத்தின்படி எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையும் இருந்தது.

நான் எடுக்கவில்லை. அன்றைக்கு நோட்டில் எழுதியது தேதியும் ஒரே ஒரு வரியும்: ‘குரல் பதிவு, பிறகு கேட்க வேண்டும்’. ஏழு வாரம் கழித்து அவருக்கு எழுதினேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பாடமாக அமைந்தது. அப்பா எப்படிப் போனார் என்பதை எழுதுங்கள், எழுத வேண்டும் என்றே விரும்புகிறேன். அண்ணனைப் பற்றிச் சொன்னதை எழுதாதீர்கள், அன்றைக்குக் கோபத்தில் சொன்னேன், இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த ஒரு ‘சரி’யால் இந்த வித்தியாசத்தைப் பிடித்திருக்கவே முடியாது. ஒப்புதலைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும் செயலாகப் பார்க்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நடைமுறையில் அதற்குப் பொருள், மனம் கொதிக்கும் நேரத்தில் வந்ததை ஆறிய பிறகு ஒருமுறை கேட்பது. குழுவில் இல்லாத மூன்றாம் ஆளைப் பற்றி நான் வைத்திருக்கும் வழக்கம், கதை நடக்கத் தேவையான அளவுக்கு மேல் அவர் உடல், பணம், குணம் பற்றி ஒன்றும் எழுதாதது. இது போதுமா என்பது எனக்கே உறுதியில்லை. உயிரோடு இருக்கும் நோயாளிகளிடம் நேரடியாகக் கேட்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் உங்கள் மகள் உங்களைப் பற்றிக் குழுவில் பேசுகிறார் என்று அந்த நோயாளியிடம் நான் போய்ச் சொன்னால், அந்த மகளின் ரகசியத்தை நானே உடைத்ததாகிவிடும்.

பெயர் மாற்றுவது பற்றி. வெளியாளிடமிருந்து மறைப்பதற்கு அது ஓரளவு உதவும். உள்ளாளிடமிருந்து மறைக்காது. மார்ட்டின் டோலிச் என்ற சமூகவியலாளர் 2004-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆய்வைப் படிக்கும் முன்பின் தெரியாத ஒருவர் கண்டுபிடிப்பது ஒன்று. பங்கேற்றவர்களே ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது இன்னொன்று. குழு ஆய்வில் ஆபத்து இரண்டாவதில்தான். உங்கள் ஆய்வேட்டை ஆவலோடு படிக்கப்போகும் ஒரே கூட்டம் அந்தக் குழுதான். என் வரைவு ஒன்றில் ‘மீனா’ என்று பெயர் கொடுத்து, ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். சம்மதித்த உறுப்பினர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டாம் பத்தியிலேயே யாரென்று சொல்லிவிட்டார். எப்படி என்றால், வீட்டில் வைத்திருக்கும் டயாலிசிஸ் கருவியின் அலாரம் விடியற்காலை மூன்று மணிக்கு அடித்தது என்ற ஒரு விவரத்தை விட்டுவைத்திருந்தேன். குழுவில் எல்லோருக்கும் அந்த இரவு நினைவிருந்தது. ஆகவே வரைவைக் குழுவுக்குள் இருக்கும் ஒருவரிடம், கண்டுபிடிக்க முயன்று பாருங்கள் என்று சொல்லிக் கொடுப்பதை நான் இப்போது விடாமல் செய்கிறேன்.

நம் மொழியில் இன்னொரு அடையாளமும் ஒட்டிக்கொண்டே வரும். ஒருவர் எழுதும் வழக்கு, எழுத்துப்பிழை, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கும் தனிப் பாணி, ஒவ்வொரு வரிக்கும் மூன்று புள்ளி வைக்கும் பழக்கம். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினால் மொழிபெயர்ப்பிலேயே இவை கரைந்துவிடும். தமிழில் எழுதினால் மேற்கோள்குறிக்குள் ஆளே வந்து நிற்பார். அதனால் பொருள் மாறாமல் வார்த்தைகளை மாற்றி எழுதுங்கள், அப்படி எழுதியிருப்பதை முன்னுரையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பலரின் அனுபவங்களை இணைத்து ஒரே பாத்திரமாகப் புனையும் வழியை இணைய ஆய்வாளர் அனெட் மார்க்கம் 2012-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். புனைவு என்றாலே ஏமாற்று என்று எண்ண வேண்டாம், காப்பாற்றுவதற்காகப் புனைவதும் நெறிதான் என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதி உடன்பாடு. ஆளைக் காப்பாற்றுகிறது, உண்மை. ஆனால் நான் எதை எதோடு சேர்த்தேன் என்பதை வாசகர் சரிபார்க்க முடியாமல் போகிறது. மிக ஆபத்தான இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

திறந்த மன்றத்தில் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்ற உங்கள் நினைப்பு, சட்டப்படி பல இடங்களில் சரியாகவே இருக்கலாம். கல்லூரி நெறிமுறைக் குழுவும் விலக்குக் கொடுத்துவிடும். ஆனால் யாரும் நுழையலாம் என்பதும் யார் படித்தாலும் சரி என்று பேசினார்கள் என்பதும் வேறு வேறு. தகவல் எந்தச் சூழலில் எந்த எதிர்பார்ப்போடு பகிரப்பட்டதோ அந்த எதிர்பார்ப்பை மீறுவதே தனியுரிமை மீறல் என்று தனியுரிமைக் கோட்பாட்டாளர் ஹெலன் நிசன்பாம் சொல்வது இங்கேதான் பயன்படும். கேசி ஃபீஸ்லரும் நிக்கோலஸ் ப்ரொஃபெரஸும் 2018-இல் 268 ட்விட்டர் பயனர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். உலகமே பார்க்கும் ட்விட்டர்தான். இருந்தும், ஆய்வாளர்கள் தங்கள் பதிவுகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்கவில்லை, கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்றவர்களே அதிகம்.

மன்றத்தில் உங்கள் நிஜமான எதிரி தேடுபொறி. நீங்கள் ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினால், அதை ஒட்டித் தேடினால் பதிவு வரும், பதிவிலிருந்து பயனர் பெயர், பயனர் பெயரிலிருந்து அவர் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறாரோ அதெல்லாம் வரும். ட்விட்டர் பதிவுகளை மேற்கோள் காட்டிய மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை 2018-இல் ஜான் அயர்ஸும் சகாக்களும் பரிசோதித்தபோது, மேற்கோளைத் தேடியே பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட தடவை எழுதியவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே மேற்கோள் எடுக்கும் முன், மாற்றி எழுதிய வடிவத்தை இரண்டு மூன்று தேடுபொறிகளிலும் அந்த மன்றத்தின் உள்தேடலிலும் போட்டுப் பாருங்கள். மூலப்பதிவு முதல் பக்கத்தில் வந்தால் இன்னும் மாற்றுங்கள். மன்றத்தின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. உள்நுழைந்தால்தான் படிக்க முடியும் என்ற பகுதி இருந்தால் அதை மூடிய குழுவாகவே நடத்துங்கள், மட்டுறுத்துனரிடம் கேளுங்கள். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. சிலர் பல வருடம் உழைத்து நீண்ட வழிகாட்டிப் பதிவுகள் எழுதியிருப்பார்கள். அவர்கள் தங்களை எழுத்தாளராக நினைக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் பெயர் போடச் சொல்வார்கள், அப்போது மறைப்பதுதான் அநியாயம்.

படிவத்தில் வழக்கமாக வரும் ‘உங்கள் தகவல் முழு ரகசியமாக வைக்கப்படும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதைக் காப்பாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. வக்கீலுக்கும் மருத்துவருக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலான நாடுகளில் ஆய்வாளருக்குக் கிடையாது. அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரியின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில், வட அயர்லாந்து மோதல்களில் ஈடுபட்டவர்களுக்கு உயிரோடு இருக்கும்வரை வெளியிடமாட்டோம் என்று சொல்லியே பேட்டி எடுத்திருந்தார்கள். 2011-இல் நீதிமன்ற ஆணை வந்தது, பதிவுகளில் ஒரு பகுதி காவல்துறை கைக்குப் போனது. உங்கள் குழுவில் அப்படி ஒன்றும் இருக்காது. ஆனாலும், நான் செய்யக்கூடியது இவை, என் கையை மீறியவை இவை என்று எழுதுவதே நேர்மை. குழுவில் இருக்கும் மற்றவர்களில் யார் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள் என்பதும் உங்கள் கையை மீறியதுதான்.

நீங்கள் உறுப்பினராகவே தொடரப்போகிறவர் என்பதால் வெளியேறும் நாளையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் வேலை முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிடுவேன், அதோடு எல்லோருக்கும் தெரிந்துவிடும். உங்களால் முடியாது, உங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி இருக்கலாம். அப்படியானால் ஆய்வு முடியும் தேதியை அறிவித்து, அன்றே பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஆய்வாளர்’ என்பதை எடுத்துவிட்டு, பின் செய்த செய்தியையும் விவரணையில் உள்ள வரியையும் நீக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் குழுவில் என்ன பேசினாலும் அது நோட்டுக்கு இல்லை. அந்த வாரம் உங்களுக்கு அருமையான தரவாகத்தான் வந்து கொட்டும், எனக்கும் அப்படித்தான் வந்தது.